95 புள்ளி எடுத்த பெயரைக் குப்பையில் போட்ட கதை

போன வருஷம் வைகாசி மாதம் தொடங்கிய கதை இது. வீட்டில் வறுத்து இடிக்கும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளை முதலில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் வாங்கினார்கள். அப்புறம் அவர்களுடைய சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் மாதம் முப்பது கிலோ போனது. அப்போதுதான் என் கணவர் சொன்னார், "சும்மா பொலித்தீன் பையில கட்டிக் குடுக்காம ஒரு பெயர் வைச்சு, லேபிள் அடிச்சுச் செய்யுமப்பா" என்று. பெயர்தானே, ஒரு பின்னேரம் இருந்து யோசித்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பெயருக்கு ஐந்து மாதமும் 44,500 ரூபாயும் போயின. தீபாவளி வியாபாரமும் அதோடு சேர்ந்து போனது. பெயர் வைக்க யோசிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் கணக்கு வழக்கோடு எழுதுகிறேன்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் வைக்கவில்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். கலியாணத்துக்கு முன் ஒரு அலுவலகத்தில் கொள்முதல் பகுதியில் வேலை செய்தேன். அங்கே மூன்று கொட்டேஷன் வந்தால் விலை, தரம், கொண்டுவந்து தரும் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்து, புள்ளி போட்டு, பெருக்கிக் கூட்டி யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வோம். அதே முறையைப் பெயருக்கும் செய்தேன். அர்த்தம், நீளம், பெயர் கிடைக்குமா, ஓசை என்று நாலு விஷயம். நாலுக்கும் சேர்த்து 100 நிறை. அர்த்தத்துக்கு 40, ஓசைக்கு 25, பெயர் கிடைப்பதற்கு 20, நீளத்துக்கு 15. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு விஷயத்திலும் 1 முதல் 5 வரை புள்ளி. புள்ளியை நிறையால் பெருக்கிக் கூட்டினால் ஆகக்கூடியது 500 வரும். எக்செல்லில் முதல் வரியில் தலைப்பு, இரண்டாம் வரியில் நிறைகள், மூன்றாம் வரியில் இருந்து பெயர்கள் என்று வைத்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT($B$2:$E$2,B3:E3)
```

கடைசிச் சுற்றுக்கு வந்த பெயர்கள் ஐந்து. ஊரார், அம்மி, வாசனை, முற்றத்து மணம், குசினி. இதில் ஊரார் என் செல்லப் பெயர். ஊரார் கூடி இடிக்கிற உரல், ஊராருக்குக் கொடுத்து உண்கிற சாப்பாடு என்று மனதுக்குள் ஒரு விளம்பரமே ஓடிக்கொண்டிருந்தது. குசினியை இவர் சொன்னார் என்பதற்காகப் பட்டியலில் வைத்திருந்தேன். அடுப்படிக்கு எங்கள் வீடுகளில் சொல்கிற பழைய சொல். எனக்கு அது சப்பென்று இருந்தது. மாமா வேறு, "அது போர்த்துக்கேயன் விட்டுட்டுப் போன சொல், பிள்ளை. நல்ல தமிழ்ப் பெயரா வையுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

புள்ளியை நானே இருந்து போட்டேன். ஊராருக்கு அர்த்தம் 5, ஓசை 4, நீளம் 5, கிடைப்பது 5. கூட்டினால் 475, நூற்றுக்கு 95. அம்மிக்கு 420. முற்றத்து மணத்துக்கு 415. வாசனைக்கு 405. குசினிக்கு அர்த்தத்தில் 3 தான் போட்டேன், அது 380 எடுத்துக் கடைசியாக வந்தது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் 55 புள்ளி வித்தியாசம். இதைவிடத் தெளிவாக ஒரு முடிவு வருமா? ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊராருக்கு ஓசையில் முதலில் 3 தான் போட்டிருந்தேன். கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு, "3 கொஞ்சம் குறைவுதானே" என்று அழித்து 4 ஆக்கினேன். அப்படிச் செய்யாவிட்டாலும் ஊரார்தான் வென்றிருக்கும். ஆனால் அந்த அழிப்பிலேயே விளங்கியிருக்க வேண்டும், நான் பெயரைத் தேடவில்லை, ஏற்கனவே மனதில் இருந்த பெயருக்குக் கணக்கால் ஒரு சாட்சி தேடிக்கொண்டிருந்தேன் என்று.

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. எங்கள் பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தோம். லோகோவும் லேபிளும் வரைந்துதர ஒரு தம்பிக்கு 10,000. புறக்கோட்டையில் 2,000 ஸ்டிக்கர் அடித்தோம், ஒன்று 13 ரூபாய்ப்படி 26,000. பதிவு, இணைய முகவரி, ரப்பர் முத்திரை எல்லாம் சேர்த்து 8,500. லேபிளில் பெயர் மூன்று மொழியிலும் இருந்தது. சிங்கள எழுத்தை அந்தத் தம்பி தமிழ் உச்சரிப்பைப் பார்த்து அப்படியே தட்டிப் போட்டிருந்தார். அவருக்கும் என்னைப்போலத்தான், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அதற்குமேல் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து நாலு வருஷம். என்னுடைய சிங்களம் "கீயத" என்று விலை கேட்பதோடும் "ஹரி" என்று தலையாட்டுவதோடும் நின்றுவிடும்.

முதல் இருபது பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு தெஹிவளையில் காலி வீதியோரம் இருக்கிற ஒரு சில்லறைக் கடைக்குப் போனேன். வயதான சிங்கள முதலாளி, நல்ல மனிதர், உடைந்த தமிழில் கதைப்பார். பைக்கற்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி லேபிளை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ், இது பன்றி இறைச்சிக்குப் போடுற தூளா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. இல்லை ஐயா, எல்லாக் கறிக்கும் போடலாம் என்றேன். அவர் கட்டை விரலால் லேபிளில் இருந்த சிங்கள எழுத்தைக் கடைசி எழுத்து மறையும்படி மூடிக்காட்டி, "ஊரா" என்றார். "ஊரா கியன்னே பன்றி, மிஸ்." பக்கத்தில் பாண் வாங்க நின்ற பெடியன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். அந்த முதலாளி சிரிக்கவில்லை. பைக்கற்றை மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "இங்க முஸ்லிம் ஆக்களும் வாறது. எனக்கு வைக்க ஏலாது" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் லேபிள் வரைந்த தம்பியிடம், அப்புறம் இவரிடம். இவர் மரதானையில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவர், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். ஊரார் என்ற பெயரை இரண்டு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு எப்படித் தெரியாமல் போனது? வீட்டுக்கு வந்து கேட்டதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு தலையில் கை வைத்தார். பன்றி என்ற சொல் அவருக்குத் தெரியாதா என்ன, ஆயிரம் தடவை கேட்டிருப்பார். ஆனால் நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய காது தமிழ்க் காதாக இருந்திருக்கிறது. ஊரார் என்றால் ஊரார்தான். இதை நான் பிறகு வேறு ஆட்களிடமும் பார்த்தேன். இரண்டு மொழி தெரிந்தவரிடம் தமிழில் நின்றுகொண்டு பெயரைச் சொன்னால் அவர் தமிழில்தான் கேட்பார். சிங்களக் காது எப்படிக் கேட்கும் என்று தெரியவேண்டுமானால், சிங்களத்தில் வாழ்கிற ஒருவரிடம், சிங்களப் பேச்சுக்கு நடுவில், அர்த்தம் எதுவும் சொல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு கிழமை அந்த அட்டவணையைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் இரவு திறந்து பார்த்தபோது, பன்றியைவிடப் பெரிய பிழை ஒன்று அதில் இருப்பது தெரிந்தது. இரண்டாவதாக வந்த அம்மியைப் பாருங்கள். அர்த்தம் 5, ஓசை 5, நீளம் 5. கிடைப்பதில் மட்டும் 1, ஏனென்றால் அதோடு ஒத்துப்போகிற பெயரில் உணவுப் பொருள் விற்கிறவர்கள் ஏற்கனவே இருந்தார்கள். அதாவது, அந்தப் பெயரை வைக்கவே முடியாது. வைக்கவே முடியாத பெயர் 420 எடுத்து இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! ஊரார் மட்டும் பட்டியலில் இல்லாமல் இருந்திருந்தால் என் கணக்கு எனக்கு அம்மியை எடுத்துத் தந்திருக்கும். பெருக்கிக் கூட்டுகிற முறையில் ஒரு இடத்துக் குறையை இன்னொரு இடத்து நிறைவு ஈடுகட்டிவிடும். கொட்டேஷனில் அது சரி, விலை கொஞ்சம் கூட என்றாலும் தரம் நல்லது என்று எடுக்கலாம். ஆனால் அடுத்தவனுடைய பெயர், பன்றி என்று கேட்கிற பெயர், இவற்றை எந்த அழகான அர்த்தமும் ஈடுகட்டாது. இவற்றுக்குப் புள்ளி போடவே கூடாது. வாசலிலேயே வைத்துப் பார்த்து, தவறினால் பட்டியலில் இருந்து வெட்டிவிட வேண்டும். மிஞ்சுகிற பெயர்களுக்கு மட்டும்தான் கணக்கு.

அதனால் இரண்டாவது தடவை இரண்டு வாசல் வைத்தேன். முதலாவது, சட்டப்படி வைக்கலாமா என்பது. இங்கேதான் என்னைப்போலப் பலர் குழம்புகிறார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் பெயர் எங்களுடையதாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி இல்லை. அது இந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறவர் இன்னார் என்ற பதிவு மட்டும்தான். கம்பனியாகத் தொடங்குவதென்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அது இன்னொரு பதிவு. பைக்கற்றில் அச்சிடுகிற பெயருக்கு உரிமை தருவது வியாபாரக் குறி. அதைப் பதிவது தேசிய புலமைச் சொத்து அலுவலகம், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ். பதிந்தால் 10 வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாத் தூள்கள் 30 ஆம் வகுப்பு. அதே வகுப்பில்தான் தேயிலையும் இருக்கிறது. இலங்கையில் தேயிலைக்குப் பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். தூள் விற்கிறவர்களை மட்டும் தேடிப்பார்த்துவிட்டு "ஒருவரும் இல்லை" என்று வரக்கூடாது, தேயிலைப் பெயர்களையும் பார்க்கவேண்டும். எழுத்து ஒத்துப்போவது மட்டுமல்ல, ஓசை ஒத்துப்போனாலும் பிரச்சினைதான்.

வாசனை விழுந்தது இந்த வாசலில்தான். சிங்களத்தில் வாசனா என்றால் அதிர்ஷ்டம். அந்தப் பெயரில் கடை இல்லாத சந்தி கொழும்பில் இருக்குமா? அதோடு இன்னொன்றும் படித்தேன். பொருளின் தன்மையை அப்படியே சொல்கிற சொல்லை வியாபாரக் குறியாகப் பதிவது கடினம். மசாலாத் தூளுக்கு வாசனை என்று ஒருவர் உரிமை கேட்டால், மற்றவர்கள் தங்கள் தூளின் வாசனையை எப்படிச் சொல்வது? இதில் ஒரு இழுபறி இருக்கிறது. பெயரின் அர்த்தம் பொருளுக்கு எவ்வளவு கிட்டவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் காப்பாற்றிக்கொள்வது கஷ்டம். என் முதல் அட்டவணையில் அர்த்தத்துக்கு 5 வாங்கிய பெயர்கள் இந்தப் பக்கத்தில் தள்ளாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வாசல் மூன்று காதுகள். தமிழ், சிங்களம், ஆங்கிலம். ஒவ்வொரு பெயரையும் நாலு சிங்களக்காரரிடம் கொடுத்தேன். எதிர் வீட்டு அக்கா, இவரோடு வேலை செய்கிற இரண்டு பேர், அந்த தெஹிவளை முதலாளி. ஆமாம், அவரிடமே திரும்பிப் போனேன். "இந்தப் பெயர் நல்லா இருக்கா?" என்று யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் முகத்துக்காக எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், முதல் தடவை பத்துப் பேர் அப்படித்தான் சொன்னார்கள், பத்துப் பேரும் தமிழர்கள். இந்த முறை கேட்ட கேள்வி ஒன்றுதான், "இதைக் கேட்டதும் முதலில் என்ன ஞாபகம் வருகிறது?" குசினி என்றதும் எதிர் வீட்டு அக்கா யோசிக்காமல், "குஸ்ஸியவா?" என்றார். சிங்களத்தில் அடுப்படிக்கு குஸ்ஸிய. இரண்டு சொல்லும் ஒரே போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தவை. மாமா எதைக் குறை என்று சொன்னாரோ அதுதான் அந்தப் பெயரைச் சிங்கள வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் விட்டது.

ஊரார், அம்மி, வாசனை மூன்றும் வாசலிலேயே போய்விட்டன. இரண்டு பெயரை வைத்துக்கொண்டு புள்ளி போடுவதில் அர்த்தமில்லை என்று தாளிதம், கைப்பக்குவம் என்று இன்னும் இரண்டைத் தேடி, அவற்றையும் இரண்டு வாசலால் கொண்டுவந்தேன். இப்போது நாலு பெயர். நிறைகளைப் பெயர்களைப் பார்க்காமல் முதலிலேயே எழுதி, இவரிடம் திகதி போட்டுக் கையெழுத்து வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன், பிறகு அழித்து எழுத முடியாதபடிக்கு. ஓசைக்கு 35, அர்த்தத்துக்கு 30, கிடைப்பதற்கு 20, நீளத்துக்கு 15. அர்த்தத்தின் நிறையைக் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல அர்த்தமில்லாத பெயர் கடைசிப் பட்டியலுக்கே வராது. எல்லாப் பெயரும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி எடுக்கிற விஷயத்துக்கு 40 நிறை கொடுத்தால் அந்த 40 சும்மா கிடக்கும், யாரையும் பிரிக்காது. என் முதல் அட்டவணையில் ஐந்து பெயரில் நாலு அர்த்தத்துக்கு 5 எடுத்திருந்தன. பெயர்களுக்குள் உண்மையில் பெரிய வித்தியாசம் எங்கே வருகிறதோ, அந்த வித்தியாசம் வியாபாரத்தில் எவ்வளவு உறைக்குமோ, அங்கேதான் நிறை போகவேண்டும்.

அடுத்தது, 5 என்றால் என்ன, 1 என்றால் என்ன என்று புள்ளி போடுமுன் எழுதிவைத்தேன். முதல் தடவை 4 என்றால் "நல்லா இருக்கு", 5 என்றால் "சரியான நல்லா இருக்கு". அது அளவுகோலே இல்லை. நீளத்துக்கு ஆங்கில எழுத்துக்களை எண்ணினேன். 100 கிராம் பைக்கற்றின் லேபிள் 6 சென்ரிமீற்றர் அகலம்தான், அதில் மூன்று மொழியும் வரவேண்டும். 6 எழுத்து வரை 5 புள்ளி, 7 முதல் 9 வரை 3, அதற்குமேல் 1. Kusini சரியாக 6. Thalitham 9. கைப்பக்குவமும் முற்றத்து மணமும் 9 ஐத் தாண்டிவிட்டன. அர்த்தத்துக்கு, சொல்லாமலே சாப்பாடு, அடுப்படி என்று பிடிபட்டால் 5, ஒரு வசனம் சொல்லி விளக்கினால் பிடிபடும் என்றால் 3, கதையே சொல்லவேண்டும் என்றால் 1. அதையும் நான் மட்டும் போடவில்லை. நான், இவர், எதிர் வீட்டு அக்கா மூன்று பேரும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் போட்டோம். குசினிக்கு நான் 3, இவர் 4, அக்கா 5. சராசரி 4. முற்றத்து மணத்துக்கு எங்கள் இருவரிடமும் 5, அக்காவிடம் 2. அதுவும் 4. சராசரி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இருக்கிற கதை வேறு.

ஓசைக்குச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பேருக்கு, ஐந்து தமிழர், ஐந்து சிங்களவர், போன் எடுத்து, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, "கேட்டதை ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ" என்றேன். லேபிளில் போடப்போகிற எழுத்தோடு எத்தனை பேர் ஒத்துப்போனார்கள் என்று எண்ணி, அதை இரண்டால் பிரித்தால் புள்ளி. ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டுப் போனில் தேடினால் நான் அகப்படுவேனா என்பதுதான் இதில் கேள்வி. குசினிக்கு எட்டுப் பேர் சரியாக எழுதினார்கள், ஒருவர் C போட்டுத் தொடங்கினார், ஒருவர் கடைசியில் y போட்டார். புள்ளி 4. தாளிதத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தோம். Thalitham, Thalidam, Talitham, Thaalidham, Dalitham என்று வந்துகொண்டே இருந்தது. சொல்லின் தொடக்கத்தில் வரும் த வேறு மாதிரி ஒலிக்கிறது, நடுவில் வரும் த வேறு மாதிரி. எங்கள் காதுக்கு அது ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் எழுதப்போனால் ஆளுக்கொரு எழுத்து. மூன்று பேர்தான் சரி, புள்ளி 1.5. முற்றத்து மணம் இரண்டு பேர், 1. அந்த ற்ற வில் தமிழர்களே ஒற்றுமையாக இல்லை. கைப்பக்குவம் நாலு பேர், 2. ழகரம் உள்ள அழகான பெயர் வைத்திருக்கிறவர்கள் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள்.

கிடைப்பதற்கு, வாசலைத் தாண்டியவற்றுக்குள் எவ்வளவு வசதியாகக் கிடைக்கிறது என்பதற்குத்தான் புள்ளி. குசினிக்கு .com இல்லை, .lk இல் பக்கத்தில் ஒரு சொல் சேர்க்கவேண்டும், முகநூலிலும் அப்படித்தான். 3 போட்டோம். தாளிதத்துக்கு 4, மற்ற இரண்டுக்கும் 5. பார்த்த திகதியையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். இது மட்டும்தான் அட்டவணையில் நீங்கள் தூங்கும்போதும் மாறக்கூடிய புள்ளி.

கூட்டினால் குசினி 395. கைப்பக்குவம் 285, முற்றத்து மணம் 270, தாளிதம் 267.5. முதல் தடவை கடைசியாக வந்த பெயர்! அப்போதும் எனக்கு முழுநம்பிக்கை வரவில்லை, ஓசைக்கு 35 கொடுத்ததால்தானே இப்படி என்று. அதனால் நிறையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அர்த்தத்தை 50 ஆக்கி ஓசையை 15 ஆக்கினாலும் குசினி 395, அடுத்தது முற்றத்து மணம் 330. கிடைப்பதை 40 ஆக்கி, ஓசையை 15 ஆக்கினால் குசினிக்கு 375, முற்றத்து மணத்துக்கு 350. இடைவெளி குறைந்தது, ஆனால் இடம் மாறவில்லை. இப்படி ஆட்டிப் பார்க்கும்போது முதலிடம் மாறினால், அட்டவணை இன்னும் முடிவு சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து புள்ளி வித்தியாசத்தை நம்பி லேபிள் அடிக்காதீர்கள். ஆனால் இந்த ஆட்டமும் நிறைகளைத்தான் சோதிக்கும். ஊராரை இதே மாதிரி ஆட்டியிருந்தாலும் அதுதான் வென்றிருக்கும். அட்டவணையில் இல்லாத கேள்வியை எந்த ஆட்டமும் வெளியே கொண்டுவராது.

இந்த முறை ஸ்டிக்கர் 2,000 அடிக்கவில்லை. 100 அடித்தோம், ஒன்றுக்கு 30 ரூபாய் வந்தது. பரவாயில்லை, 3,000 போனால் போகட்டும் என்று. சிங்கள எழுத்தை எதிர் வீட்டு அக்கா பார்த்துத் திருத்தித் தந்த பிறகுதான் அச்சுக்குப் போனது. வியாபாரக் குறிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், அது முடிய நாளெடுக்கும். மாமா இன்னும் "போர்த்துக்கேயன்ர தூள்" என்றுதான் சொல்கிறார். தெஹிவளை முதலாளி இருபது பைக்கற் எடுத்தார், கண்ணாடியை இறக்கி லேபிளை முழுவதும் வாசித்துவிட்டுத்தான்.

பழைய ஸ்டிக்கரில் 1,980 மிச்சம். பசை நல்ல பசை. எங்கள் வீட்டுக் குசினியில் உப்புப் போத்தல், மஞ்சள் போத்தல், சீரகப் போத்தல் எல்லாவற்றிலும் ஊரார் என்று ஒட்டி, அதற்குமேல் பேனாவால் உள்ளே இருப்பதை எழுதி வைத்திருக்கிறேன். எதிர் வீட்டு அக்கா வந்தால் மட்டும் போத்தல்களை மறுபக்கம் திருப்பி வைப்பேன்.